தானாகப் புதுப்பித்த வருடச் சந்தா: காசு திரும்பி வந்த விதம்

கல்லடியில் வீட்டிலிருந்து கலியாணக் கார்ட் வடிவமைக்கிறேன். ஒரு காலை வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்: 96 டொலர் கழிந்திருந்தது. மறந்தே போயிருந்த ஒரு டிசைன் மென்பொருளின் வருடச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

உடனே சந்தாவை ரத்துச் செய்தேன். அது அடுத்த வருடப் புதுப்பிப்பை மட்டும்தான் நிறுத்தும், எடுத்த காசு வராது. வங்கியில், முதலில் நிறுவனத்திடமே கேட்கச் சொன்னார்கள். சப்போர்ட்டுக்கு எழுதினேன். "இந்த மின்னஞ்சலில் கணக்கே இல்லை" என்று பதில். இதிலேயே மூன்று நாள் போனது.

பழைய ரசீதைத் தேடி எடுத்தபோதுதான் விளங்கியது: கணக்குத் திறந்தது தம்பியின் மின்னஞ்சலில். அதிலிருந்தே திரும்ப எழுதினேன்:

"வணக்கம். ரசீது இலக்கம் கீழே உள்ளது. 4ஆம் திகதி புதுப்பிக்கப்பட்டதைக் கவனிக்கவில்லை. அதன்பின் பயன்படுத்தவும் இல்லை, ரத்தும் செய்துவிட்டேன். முழுத் தொகையையும் திருப்பித் தர முடியுமா?"

கார்ட் இலக்கத்தின் கடைசி நான்கை மட்டும் கொடுத்தேன்.

அடுத்த நாளே சம்மதித்தார்கள். ஒன்பதாம் நாள் காசு வந்தது, பெரிய நிம்மதி. 96 டொலரும் வந்தது, வங்கி எடுத்த நாணய மாற்றுக் கட்டணம் மட்டும் திரும்பவில்லை.