கல்லூரிப் பெயரை மறைக்க வேண்டாம், கீழே இறக்கினால் போதும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.இ. முடித்தவர்கள் சிலர், ரெஸ்யூமேயில் கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு "பி.இ., அண்ணா பல்கலைக்கழகம், சென்னை" என்று மட்டும் போடுகிறார்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம்தானே என்பது அவர்கள் வாதம். ஆனால் ரெஸ்யூமேயைப் படிப்பவர் அதைக் கிண்டி வளாகம் என்றோ குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றோதான் எடுத்துக்கொள்வார். நேர்காணலில் "சி.இ.ஜி.யா?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்துவிட்டால், அடுத்து நீங்கள் ப்ராஜெக்ட் பற்றிச் சொல்வதையும் சந்தேகத்தோடுதான் கேட்பார். பட்டம், துறை, கல்லூரியின் முழுப்பெயர், "அண்ணா பல்கலைக்கழக இணைப்பு", முடித்த ஆண்டு. ஒரே வரியில் அடங்கிவிடும்.

அந்த வரி எங்கே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம்மூர் ஃப்ரெஷர் ரெஸ்யூமே பெரும்பாலும் "கேரியர் அப்ஜெக்டிவ்" என்று தொடங்கும். அடுத்து பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.இ. மதிப்பெண்களுக்குக் கட்டம் போட்ட அட்டவணை. முதல் பக்கத்தின் பாதி அங்கேயே போய்விடுகிறது. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, அவர் கேள்விப்படாத கல்லூரியின் பெயர். அட்டவணையை எடுத்துவிடுங்கள். மேலே திறன்கள் இரண்டு வரி, பிறகு ப்ராஜெக்ட், அதன் கீழே படிப்பு. சி.ஜி.பி.ஏ. நன்றாக இருந்தால் படிப்பு வரியிலேயே சேர்த்துவிடலாம்.

ப்ராஜெக்டை மேலே ஏற்றிவிட்டு, அதில் "மெடிக்கல் ஷாப் மேனேஜ்மென்ட் சிஸ்டம் – பி.எச்.பி., மை எஸ்.க்யூ.எல்." என்று மட்டும் எழுதினால் ஏற்றியதே வீண். இதே தலைப்பு எத்தனையோ ரெஸ்யூமேக்களில் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் என்றுகூட நினைப்பார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"மருந்துக்கடைக்கான இருப்புக் கணக்கு. ஒரே மருந்து வெவ்வேறு பேட்சில் வரும் என்பதால் காலாவதித் தேதியை பேட்ச் வாரியாகச் சேமித்தேன். முதலில் காலாவதியாகும் பேட்ச் முதலில் பில்லாகும். நால்வர் குழு, டேட்டாபேஸ் வடிவமைப்பும் பில்லிங் பகுதியும் என்னுடையவை."

தேதியை ஏன் மருந்தோடு வைக்காமல் பேட்சோடு வைத்தார் என்பதில் ஒரு முடிவு தெரிகிறது. நேர்காணல் எடுப்பவர் கேள்வியை அங்கிருந்தே தொடங்குவார், விற்ற மருந்து திரும்பி வந்தால் எந்த பேட்சில் சேர்ப்பாய் என்று. கல்லூரியைப் பற்றிக் கேட்க அவருக்கு நேரமிருக்காது. குழுவில் உங்கள் பங்கைப் பிரித்துச் சொல்லாவிட்டால், நண்பர் எழுதிய பகுதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கிட்ஹப் லிங்க் கொடுப்பதாக இருந்தால், அது பிரைவேட்டாக இருக்கிறதா என்று லாக் அவுட் செய்துவிட்டுத் திறந்து பாருங்கள். README.md கோப்பில் எப்படி ஓட்டுவது என்பதும், இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கட்டும். மொத்த புரோகிராமும் ஒரே கமிட்டில், அதுவும் விண்ணப்பித்த வாரத்தில் ஏற்றியிருந்தால், அதையும் கவனிப்பவர்கள் உண்டு.

குறிப்பிட்ட கல்லூரிகளில் மட்டும் ஆள் எடுக்கும் நிறுவனங்களும், கட்-ஆஃப் வைத்து வடிகட்டும் விண்ணப்பப் படிவங்களும் இருக்கின்றன. அங்கே எந்த வரிசையும் உதவாது. உள்ளே வேலை பார்க்கும் சீனியர் யாராவது ரெஃபர் செய்தால்தான் இந்த ரெஸ்யூமே ஒருவர் கைக்குப் போகும்.