குளித்ததும் காது அடைத்துக்கொண்டால் எதை விடக் கூடாது, எதைச் செய்யலாம்

கோடை விடுமுறையில் என் அக்கா மகன் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகினான். நான்காம் நாள் மதியம் ஈரத் தலையோடு வந்து, "மாமா, வலது காது அடைச்சுக்கிச்சு. நான் பேசுறதே குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது" என்றான். ஒற்றைக் காலில் குதித்தான், தலையை உதறினான், ஒரு சொட்டும் வரவில்லை. அடுத்து துண்டின் நுனியைத் திரித்து விட்டான். அதற்கும் அடுத்தது பட்ஸ். அதுவரை மந்தமாகவாவது கேட்டுக்கொண்டிருந்த காது, பட்ஸ் போய் வந்ததும் சுத்தமாக அடைத்துவிட்டது.

அவன் செய்த முதல் தவறு பட்ஸ் இல்லை. உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று முடிவு கட்டியதுதான். குளித்த பிறகு வரும் அடைப்பில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. தண்ணீர் நின்றிருந்தால் தலையைச் சாய்க்கும்போது உள்ளே ஏதோ உருளும், களக் களக் என்று கேட்கும், அடைப்பு கூடிக் குறையும். கொஞ்ச நேரத்தில், அதிகம் போனால் சில மணி நேரத்தில், தானாகச் சரியாகிவிடும். இன்னொரு வகை, காதுக்குள் ஏற்கெனவே இருந்த குறும்பி தண்ணீரில் ஊறி உப்புவது. முன்தினம் வரை ஓரமாகச் சின்ன இடைவெளி இருந்ததால் நன்றாகக் கேட்டிருக்கும். ஊறியதும் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் மாற்றம் இருக்காது, மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கும். இதில் வெளியே எடுக்கத் தண்ணீரே இல்லை. எவ்வளவு உதறினாலும் கழுத்துதான் வலிக்கும்.

பட்ஸ் ஏன் கெடுக்கிறது என்பதற்குக் காதின் அமைப்பே காரணம். காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான், அதுவும் நேராக இல்லாமல் லேசாக வளைந்தது. குறும்பி சுரப்பது வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும். அங்கிருந்து அது மெல்ல வெளியே நகர்ந்து உதிர்ந்துவிடும். நாம் மெல்லும்போது தாடை அசைவதும் அதற்கு உதவுகிறது. உள்பக்கம் எலும்பின் மேல் மிக மெல்லிய தோல், கடைசியில் செவிப்பறை. பட்ஸின் பஞ்சுத் தலை கிட்டத்தட்டக் குழாயின் அகலத்துக்கே இருப்பதால் அதைத் தாண்டிப் போக முடியாது. முன்னால் இருப்பதைத் துப்பாக்கிக்குள் மருந்து கிட்டிப்பது போல உள்ளே தள்ளத்தான் முடியும். பஞ்சில் கொஞ்சம் பழுப்பு ஒட்டி வருவதைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம், மீதி செவிப்பறை மேல் போய் ஒட்டியிருக்கும்.

கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி, ஈர்க்குச்சி, வண்டிச் சாவி, பேனா மூடி, கோழி இறகு ஆகியவை பட்ஸைவிட ஆபத்தானவை. அந்த மெல்லிய தோல் ஊறியிருக்கும்போது லேசான கீறலே போதும், அதன் வழியாகக் கிருமி நுழைந்து இரண்டு நாளில் காது வீங்கும். யாராவது முழங்கையைத் தட்டிவிட்டால் செவிப்பறை கிழியும். ஆன்லைனில் விற்கும் கேமரா வைத்த காதுக் கரண்டியையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது தெரிகிறது என்பதால் கை நிதானமாகிவிடாது.

சரி, என்னதான் செய்யலாம்? முதலில் தண்ணீர்தானா என்று பார்த்துவிடலாம். அடைத்த காது கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுத்தால் குழாய் நேராகும். சின்னக் குழந்தை என்றால் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். சில நிமிடம் அப்படியே விட்டு, வெளியே வந்ததைத் துண்டால் ஒற்றினால் போதும். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் காட்டலாம். தண்ணீரை எடுக்க இன்னும் தண்ணீர் ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது வேண்டாம். குறும்பி இன்னும் உப்பும், குளிர்ந்த நீராக இருந்தால் தலை சுற்றி விழவும் நேரலாம்.

மறுநாளும் அடைப்பு மாறவில்லை, ஆனால் வலி, சீழ், காய்ச்சல் எதுவும் இல்லை என்றால் குறும்பியை இளக்கப் பார்க்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தோ சுத்தமான ஆலிவ் எண்ணெயோ போதும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்திருந்து குளிர் போனதும், அடைத்த காது மேலே இருக்கப் படுத்து, 2 அல்லது 3 சொட்டு விட்டு 5 நிமிடம் படுத்திருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, 3 முதல் 5 நாள் வரை. முதல் இரண்டு நாள் அடைப்பு இன்னும் கூடினது போல இருக்கும். குறும்பி இளகி உப்புவதால் வருவது அது. இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து மறுபடி பட்ஸை எடுக்கிறார்கள். செவிப்பறையில் முன்பு ஓட்டை இருந்தவர்கள், காதில் ஆபரேஷன் ஆனவர்கள், சீழ் வருபவர்கள் எந்தச் சொட்டையும் தாமாக விடக் கூடாது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் யாருக்குமே வேண்டாம். விரலுக்கு இதமாகத் தெரிகிற சூடு செவிப்பறையைச் சுட்டுவிடலாம்.

சொட்டு விடுவதற்கு முன் அவனிடம் ஒரு சோதனை செய்தேன். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகச் சொன்னேன். "அடைச்ச காதுலதான் சத்தமா கேக்குது மாமா" என்றான். குறும்பியோ தண்ணீரோ வழியை மறித்தால் அப்படித்தான் கேட்கும். ஒரு காது திடீரென்று மந்தமாகி, முனகல் நல்ல காதில் சத்தமாகக் கேட்டால், உள்காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. கூடவே இரைச்சலோ தலைச்சுற்றலோ வரலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். குளித்ததால் அடைத்தது என்று ஒரு வாரம் சொட்டு விட்டுக் காத்திருந்து கேட்கும் திறனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சோதனை ஒரு குறிப்பு மட்டும்தான், ஆனால் அப்படிக் கேட்டால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். மடலை இழுத்தாலோ, காதின் வாயில் உள்ள சின்ன மேட்டை அழுத்தினாலோ சுரீரென்று வலித்தால் அது கிருமித் தொற்று, அதற்கும் டாக்டர்தான். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காது வலி தூங்கவிடாமல் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், தொற்று எலும்பு வரை போகலாம்.

அவனுக்கு ஐந்து நாள் சொட்டு விட்டும் முழுதாகத் திறக்கவில்லை. பட்ஸ் அவ்வளவு ஆழம் தள்ளியிருந்தது. ஆறாம் நாள் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, சிறு குழாயால் உறிஞ்சி எடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தட்டில் விழுந்தது புளியங்கொட்டையில் பாதி அளவுக் கருத்த உருண்டை, அதன் முனையில் வெள்ளையாகப் பஞ்சு இழை ஒட்டியிருந்தது. ஒரு வாரம் கிணற்றுப் பக்கம் போக வேண்டாம் என்றார். குளிக்கும்போது மட்டும் வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதின் வாயில், குழாய்க்குள் போகாமல், வெளியிலேயே அணைத்தாற்போல் வைத்து, குளித்ததும் எடுத்துவிடச் சொன்னார்.