எடை, கலோரி, இடுப்பளவு: வாரப் போக்கைக் காட்டும் ஒரு எளிய ஷீட்

தினமும் எடை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், மறுநாள் இறங்கும். அது பெரும்பாலும் கொழுப்பு இல்லை. உப்பு அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. அதனால் தனித்தனி நாளைப் பார்க்காமல் வார சராசரியைப் பார்க்க வேண்டும், அதை கூகுள் ஷீட்ஸே போட்டுக் கொடுத்துவிடும்.

முதல் ஷீட்: தினசரிப் பதிவு

புது ஃபைல் திறந்ததும் முதலில் File → Settings போய் Locale-ஐ India என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் அமெரிக்க முறையில் 05/03 என்பது மே 3 ஆகிவிடும், 25/03 என்பது தேதியாகவே ஏறாது. தேதி சரியாக ஏறியதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: அது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், இடப்பக்கம் நின்றால் வெறும் எழுத்து.

ஷீட்டுக்கு `log` என்று பெயர் வையுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள்: A-யில் தேதி, B-யில் எடை, C-யில் கலோரி, D-யில் இடுப்பு. கட்டத்துக்குள் "கிலோ", "செ.மீ." என்று எழுதாதீர்கள், எண் மட்டும் போதும். எழுத்து கலந்தால் ஷீட் அதைக் கணக்கில் சேர்க்காது.

எடையைக் காலையில் கழிவறை போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன் பாருங்கள். இடுப்பளவு வாரம் ஒரு முறை போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே டேப்பை வைத்து, சாதாரணமாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். தொப்புளை அடையாளமாக வைத்தால், வயிறு சரியும்போது அதுவும் இடம் மாறும். கலோரியை முழுதாக எழுத முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பாதி நாள் கணக்கை எழுதினால் சராசரி பொய்யாக இறங்கும்.

இரண்டாவது ஷீட்: வாரக் கணக்கு

இதற்கு `week` என்று பெயர். A2-வில் நீங்கள் தொடங்கிய வாரத்தின் திங்கட்கிழமைத் தேதி, A3-இல் `=A2+7`, அதைக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் B2-வில் இது:

```
=IFERROR(AVERAGEIFS(log!B:B,log!$A:$A,">="&$A2,log!$A:$A,"<"&$A2+7,log!B:B,">0"),"")
```

திங்கள் முதல் ஞாயிறு வரை உள்ள எண்களை மட்டும் எடுத்து சராசரி போடு, காலியான நாளை விட்டுவிடு என்பதுதான் இதன் பொருள். B2-வை வலப்பக்கம் D2 வரை இழுத்தால் கலோரி, இடுப்புக்கும் அதுவே வேலை செய்யும், ஏனென்றால் `$` போட்ட A மட்டும் நகராது. பிறகு E3-இல் எடை மாற்றம்:

```
=IF(COUNT(B2:B3)=2,B3-B2,"")
```

எல்லாவற்றையும் முடிந்த வாரம் வரை மட்டும் கீழே இழுங்கள். பாதியில் இருக்கும் வாரத்தின் சராசரியை நம்ப முடியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். முதல் வாரம் திங்களிலிருந்து: 79.2, 78.6, 78.9, 78.4, 78.7, 80.1, 79.5. வெள்ளி இரவு பரோட்டா சால்னா, அதனால்தான் சனிக்கிழமை 80.1. திங்களையும் ஞாயிறையும் மட்டும் பார்த்தால் 300 கிராம் ஏறிவிட்டது போலத் தெரியும். அடுத்த வாரம்: 79.0, 78.5, 78.6, 78.3, 78.8, 78.4, 78.2. இரண்டு திங்களை ஒப்பிட்டால் 200 கிராம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் சராசரி 79.06-லிருந்து 78.54-க்கு வந்திருக்கிறது, E3 கிட்டத்தட்ட -0.5 காட்டும். ஆனாலும் முதல் ஓரிரு வாரக் குறைவில் தண்ணீரும் கணிசமாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

படம் போடுவது

மூன்றையும் ஒரே படத்தில் போடாதீர்கள். கலோரி 1,900 என்று இருக்க, எடை அடியில் நேர்கோடாக ஒட்டிக்கொள்ளும். `week` ஷீட்டில் A, B நிரலைத் தேர்ந்து Insert → Chart, அதில் Line chart. Customize பகுதியில் Vertical axis-இன் Min-க்கு உங்கள் எடையைவிட இரண்டு மூன்று கிலோ குறைவாகக் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் இப்படியே தனித்தனியாக.

எப்படிப் படிப்பது

மூன்று நான்கு வாரம் சேர்ந்த பிறகுதான் முடிவுக்கு வரலாம். எடைக் கோடு அசையாமல் இருந்து இடுப்பு மட்டும் இறங்கினால் எதையும் மாற்றாதீர்கள், உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இது நடக்கும். இரண்டும் அசையவில்லை என்றால், C நிரலில் இருக்கும் சராசரிதான் எடை மாறாமல் நிற்க உங்களுக்குப் போதுமான அளவு. வெளியே சாப்பிட்டதைக் குத்துமதிப்பாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை, ஒரே மாதிரி எழுதிவந்தால் அதே கணக்கில் 200 குறைத்துப் பார்க்கலாம். மாதவிடாய் வருபவர்களுக்கு அதையொட்டிய நாட்களில் தண்ணீரால் எடை ஏறும், எனவே அந்த வாரத்தை முந்தைய வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.