விளம்பர வாசனை அடிக்கும் கேப்ஷனைக் கடைக்காரரின் பேச்சாக மாற்றுவது எப்படி?

சிறு கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு டிசைனர் எழுதி அனுப்பும் கேப்ஷன்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். ஈரோடு பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் ஓர் அக்காவின் கடையை எடுத்துக்கொள்வோம். வந்திருக்கும் வரைவு இது:

"பாரம்பரியத்தின் சுவை இனி உங்கள் இல்லத்தில்! 100% தூய்மையான, இயற்கையான மரச்செக்கு கடலை எண்ணெய். ஆரோக்கியமான வாழ்வுக்கு இன்றே ஆர்டர் செய்யுங்கள்!"

1. முதலில் அவர் பேச்சைச் சேகரியுங்கள்

வரைவில் கை வைப்பதற்கு முன் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். "உங்கள் எண்ணெயின் சிறப்பு என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரும் விளம்பர மொழியில்தான் பதில் சொல்வார்கள். "கடைசியாக ஒருத்தர் எதைப் பற்றிக் கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் நோட் இருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு கேளுங்கள். கேட்டதைத் திருத்தாமல் எழுதி வையுங்கள். அக்கா சொன்னது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"நுரை பொங்குதுன்னு போன் பண்றாங்க. கலப்படமோன்னு பயம். இது ரீஃபைன் பண்ணாததுங்க, அப்படித்தான் நுரைக்கும். தீயைக் குறைச்சு வச்சா அடங்கிரும். நாங்க நாலு நாள் வெயில்ல வச்சு, தெளிஞ்ச பொறவுதான் ஊத்தறோம்."

2. யாருக்கும் பொருந்துவதை அடியுங்கள்

வரைவில் "கடலை எண்ணெய்" இருக்கும் இடத்தில் "தேன்" என்று போட்டுப் படியுங்கள். அப்போதும் சரியாக வரும் சொற்கள் இந்தக் கடைக்கு உரியவை அல்ல. இந்த வரைவில் பொருளின் பெயர் மட்டும்தான் மிஞ்சும். "தூய்மையான", "இயற்கையான" போன்ற சொற்களை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு: உணவு விளம்பரங்களில் இவற்றை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு FSSAI-யின் 2018 விதிமுறைகளில் நிபந்தனைகள் இருக்கின்றன.

3. ஒரே ஒரு சேதியை வைத்துக் கட்டுங்கள்

நுரை, வெயில், கலப்பட பயம் என்று அக்காவின் பேச்சில் பல சேதிகள் இருக்கின்றன. இந்தப் பதிவுக்கு நுரை போதும். வெயில் சேதி அதற்குத் துணையாக வரட்டும். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் தொடக்கம்தான் கண்ணில் படும், மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். அதனால் வாடிக்கையாளரின் கேள்வியையே முதல் வரியாக்குங்கள்.

"எண்ணெய் சூடானதும் நுரைக்குதுன்னு போன் பண்றீங்க. கலப்படம் இல்லைங்க. ரீஃபைன் பண்ணாத கடலை எண்ணெய் அப்படித்தான் நுரைக்கும். தீயைக் குறைச்சு வைங்க, அடங்கிரும். நாலு நாள் வெயில்ல வச்சு, தெளிஞ்ச பொறவுதான் ஊத்தறோம். வேணும்னா வாட்ஸ்அப்ல சொல்லுங்க."

இதில் உள்ள செய்தி சரிதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். சுத்திகரிப்பில் நீங்கும் பிசின் போன்ற பொருட்களும் சிறிது ஈரமும் செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும், அதனால் நுரைப்பது உண்மைதான். ஆனால் நுரை வந்தாலே கலப்படம் இல்லை என்று அர்த்தமாகாது. "நுரைதான் தரத்துக்கு அடையாளம்" என்று ஒரு வரி சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள், அக்கா அப்படிச் சொல்லவில்லை.

4. வினைமுற்றுகளை மட்டும் தனியாகப் பாருங்கள்

இங்கேதான் அதிகம் சறுக்கும். "போன் பண்றீங்க" என்று தொடங்கி "அடங்கிவிடும்" என்று முடித்தால், பாதியில் வேறு யாரோ பேச வந்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் வரிசையாகப் படித்தாலே இது தெரிந்துவிடும்.

"ங்க" விஷயத்திலும் அளவு வேண்டும். கொங்குப் பேச்சில் மரியாதைக்கு அது இயல்பாக வருகிறது என்பதற்காக எல்லா வரியிலும் ஒட்டினால் மிமிக்ரி ஆகிவிடும். "பண்றீங்க", "வைங்க" போன்ற வினைகளில் தானாக வருவதை விட்டுவிட்டால், மேலே "இல்லைங்க" என்ற ஒரே இடத்தில், வாடிக்கையாளரின் பயத்துக்குப் பதில் சொல்லும்போது மட்டும் வைத்திருக்கிறேன். அதேபோல, அக்கா "எண்ணெ" என்றுதான் சொல்வார், ஆனாலும் எழுத்தில் "எண்ணெய்" என்றே விட்டேன். பொருளின் பெயர் தடுமாறாமல் படிக்கக் கிடைக்கவேண்டும்.

5. அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்

"ஓகேவா?" என்று அனுப்பினால் "ஓகே" என்றுதான் பதில் வரும். போனில் படிக்கச் சொல்லிவிட்டு, எங்கே தயங்குகிறார், எந்தச் சொல்லைத் தன்னையறியாமல் மாற்றிப் படிக்கிறார் என்று கவனியுங்கள். மாற்றிப் படித்த சொல்தான் சரியான சொல். அக்கா "நாலு நாள்" என்ற இடத்தில் நின்று, "மழைக்காலத்துல பத்து நாளும் ஆகுமே" என்றால், "வெயிலைப் பொறுத்து நாலு நாளோ பத்து நாளோ வச்சு" என்று திருத்திவிடுங்கள்.

"விளம்பரம் மாதிரியே இல்லையே" என்று சிலர் தயங்குவார்கள். அப்போது பழைய வரைவையும் அவர் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது வரிக்கு மேல் போகமாட்டார்கள். அதற்குப் பிறகும் பழையதுதான் பிடிக்கிறது என்றால் விட்டுக்கொடுங்கள், கடை அவருடையது.