பணி நிறைவு விழாவில் கேலி பேசுவது எப்படி? ஒரு குடையை வைத்து ஒரு செய்முறை

தக்கலைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒரு தம்பி, சென்ற மாதக் கடைசியில் என்னிடம் வந்து, "அக்கா, வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர் சாருக்குப் பணி நிறைவு. என்னைக் கொஞ்சம் கேலியாகப் பேசச் சொல்லிவிட்டார்கள், எனக்குக் கை நடுங்குகிறது" என்றார். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததையே, முதல் முறை மைக்கைப் பிடிக்கப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு இரண்டு முகம் உண்டு. பழிப்பது போலப் புகழ்வது ஒன்று, புகழ்வது போலப் பழிப்பது மற்றொன்று. அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசி அழகாக இருக்கின்றன என்றும், அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் புறநானூற்றில் சொல்வார். ஒரே பாட்டில் இரண்டு முகமும் இருக்கின்றன. தொண்டைமானுக்குக் கிடைத்தது புகழ் போன்ற பழி, அதியமானுக்குக் கிடைத்தது பழி போன்ற புகழ். விழா மேடையில் நமக்கு அனுமதி உள்ளது அதியமானுக்குக் கிடைத்த பங்கு மட்டுமே. ஓய்வு பெறுகிறவரைத் தொண்டைமான் ஆக்கிவிட்டால், கூட்டம் சிரித்தாலும் அது கேலியாக இராது, குத்தலாகிவிடும்.

முதல் படி: சரக்கைச் சேகரியுங்கள்

ஓய்வு பெறுகிறவரைப் பற்றி மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அவருக்கு நெடுநாள் பழக்கமான ஒருவர், அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர், அலுவலக உதவியாளர் ஒருவர் என்று இருந்தால் நல்லது. "அவரிடம் என்ன குறை?" என்று கேட்காதீர்கள், கேட்டால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். "அவரை நினைத்தால் முதலில் எந்தப் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது?" என்று கேளுங்கள். தம்பி கேட்ட மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். குடை. சித்திரை வெயிலிலும் கார்த்திகை மழையிலும் கறுப்புக் குடை இல்லாமல் அவர் அலுவலகப் படி ஏறியதில்லை. மூவர் வாயிலும் ஒரே பொருள் வந்தால் அது கூட்டம் முழுவதற்கும் தெரிந்த பொருள் என்று அர்த்தம். அதை விளக்க நீங்கள் ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: சல்லடையில் போடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. உடல், நிறம், வழுக்கை, பருமன், சாதி, சம்பளம், கடன், கட்சி, குடிப்பழக்கம், கணவன் மனைவிக்கிடையே உள்ள சங்கதி ஆகிய அனைத்தும் வெளியே போகட்டும். நம் மாவட்டத்தில் கோயிலுக்குப் போகிறவரும் ஆலயத்துக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் அடுத்தடுத்த மேசையில் இருந்து வேலை செய்கிறவர்கள் என்பதால், சமயத்தைத் தொடும் எதுவும், அது பாராட்டாகவே இருந்தாலும், வேண்டாம். பெண் ஊழியர் ஓய்வு பெறும்போது சேலை, நகை, சமையல் என்ற மூன்றையே சுற்றி வரும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. முப்பது ஆண்டு கோப்பு பார்த்தவரை அடுக்களைக்குத் திருப்பி அனுப்பும் அந்தக் கேலியில் அவருக்குச் சிரிப்பு வருவதில்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முதன்முதலில் கேலி பேசிய விழாவில், அடிக்கடி பத்தே முக்காலுக்கு வந்த ஒருவரைப் பற்றி, "இன்று தன் விழாவுக்காவது நேரத்துக்கு வந்தாரே, அதற்கே பொன்னாடை போர்த்தலாம்" என்று சொன்னேன். பின்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள், முன்வரிசையில் அவருடைய மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தாயாரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததால்தான் அவருக்குத் தாமதமானது என்பது காப்பி குடிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது. தாமதம், விடுப்பு, மறதி, தூக்கம் ஆகிய நான்குக்கும் பின்னால் நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம். ஆகவே அவரே மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்த பழக்கத்தை மட்டும் எடுங்கள். குடையைப் பற்றி நம் கண்காணிப்பாளரே, "என் வீட்டில் என்னைவிட அதுக்குத்தான் மரியாதை" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். எனவே குடை சல்லடையில் தங்கியது.

மூன்றாம் படி: ஒரு கேலியைக் கட்டுங்கள்

தம்பி முதலில் எழுதிக் காட்டிய வரி இது: "சார் வெயிலிலும் குடை பிடிப்பார், மழையிலும் குடை பிடிப்பார், அவ்வளவு பயந்தவர்." இதில் பழி இருக்கிறது, ஆனால் அது திரும்பிப் புகழாக மாறவே இல்லை. மேலும் 'பயந்தவர்' என்பது அவருடைய பழக்கத்தைச் சொல்லவில்லை, குணத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்புச் சொல்லும் சொல்லை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள்.

அடுத்து, பொருளை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கச் சொன்னேன். அந்தக் குடையின் கைப்பிடியில் வெள்ளை பெயிண்டால் அவருடைய பெயரின் முதல் எழுத்து இருக்கிறது, ஒரு கம்பியைத் தையல் நூலால் கட்டியிருக்கிறார், பீரோவுக்குப் பின்னால் அதற்கென்று ஓர் ஆணி உண்டு. இத்தகைய துல்லியம் வந்தாலே கூட்டம் பாதி சிரித்துவிடும், ஏனென்றால் அந்த ஆணியில் தெரியாமல் தன் பையை மாட்டித் திட்டு வாங்காதவர் அந்த அலுவலகத்தில் இல்லை.

பிறகு மிகைப்படுத்தல். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பது அந்த அரங்கில் எல்லாருக்கும் தெரியும். அதையே படியாக வைத்து, "நம் ஊருக்கு இரண்டு மழைக்காலம் என்று புத்தகத்தில் இருக்கிறது. சார் அதை ஒத்துக்கொள்வதில்லை, அவருடைய கணக்கில் பன்னிரண்டு" என்று எழுதினோம். மிகை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருப்பதே பாதுகாப்பு. பாதி நம்பும்படி மிகைப்படுத்தினால் குடும்பத்தார் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாகத் திருப்பம். அந்தக் குடை ஐந்து மணிக்கு மேல் யார் கையில் இருக்கும் என்று விசாரித்து வரச் சொன்னேன். மழை வந்தால் பேருந்து நிறுத்தம் வரை போகும் பெண்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, அவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவாராம். இப்போது கேலி முழுமையாகிறது:

"நம் ஊருக்கு இரண்டு மழைக்காலம் என்று புத்தகத்தில் இருக்கிறது. சார் அதை ஒத்துக்கொள்வதில்லை, அவருடைய கணக்கில் பன்னிரண்டு. பீரோவுக்குப் பின்னால் குடைக்கு ஆணி உண்டு, எனக்கு இன்னும் நாற்காலி ஒதுக்கவில்லை. இத்தனை ஆண்டு குடையோடு வந்தவர், மழை பெய்த நாளில் மட்டும் நனைந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனார். ஏன் என்று இந்த வரிசையில் இருக்கும் அக்காமாருக்குத் தெரியும்."

நடுவில் நாற்காலியைப் பற்றிய அடி பேசுகிறவர் மேலேயே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். கடைசி வாக்கியத்துக்குப் பிறகு விளக்கம் எதுவும் வேண்டாம். "எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்" என்று சேர்த்தால் திருப்பம் செத்துவிடும்.

நான்காம் படி: வரிசையும் நீளமும்

மூன்று கேலி, நான்கு நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் வடை ஆறிவிடும், முகங்களும் ஆறிவிடும். முதல் கேலி உங்களைப் பற்றியதாக இருக்கட்டும், அப்போதுதான் அடுத்தவரைத் தொட உங்களுக்கு உரிமை வருகிறது. தம்பிக்குத் திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். சேர்ந்த முதல் நாள் கண்காணிப்பாளர், "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டதும் இவர் எழுந்து போய் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாராம். இங்கே மேற்கே தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர் என்பது அவருக்கு அன்று தெரியாது. இதை அவர் சொன்னால் சிரிப்பு அவர் மேல் விழும். இதையே, கண்காணிப்பாளர் பேச்சைப் போலப் பேசிக் காட்டி நடித்தால் அது வட்டார வழக்கைக் கேலி செய்வதாகிவிடும். ஒரே செய்தி, யார் அறியாமையைக் காட்டுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. நடுவில் சின்னதாக ஒன்றை வைத்து, குடையைக் கடைசியில் வைத்தோம்.

ஐந்தாம் படி: முன்கூட்டியே ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள்

ஓய்வு பெறுகிறவரிடம் கேட்டால் சுவை போய்விடும், ஆகவே அவருடைய வீட்டார் ஒருவரிடம் கேளுங்கள். தம்பி, சாருடைய மனைவியிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினார். அவர் குடைக்குச் சிரித்துவிட்டு, நடுவில் இருந்த சின்னக் கேலியை, அதாவது மதியம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகக் கேட்பார் என்பதை, எடுத்துவிடச் சொன்னார். சர்க்கரை வியாதி வந்தபின் அவர் சோற்றைக் குறைத்துக்கொண்டதால் அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்காதாம். எடுத்துவிட்டு, பேனா மூடியைக் கடிப்பதைச் சேர்த்தோம். எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள், வாதாடாதீர்கள்.

ஆறாம் படி: மேடையில்

பேசும்போது கூட்டத்தைப் பார்க்காமல் ஓய்வு பெறுகிறவர் முகத்தைப் பாருங்கள். அவர் சிரித்தபடி பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் தொடரலாம். உதடு மட்டும் சிரித்து, கை பொன்னாடையின் ஓரத்தைத் திருகத் தொடங்கினால், மீதிக் கேலியை விட்டுவிட்டு நேராகக் கடைசித் திருப்பத்துக்குப் போய்விடுங்கள். சிரிப்பு வராவிட்டால் "புரியவில்லையா?" என்று கேட்காதீர்கள், அடுத்த வாக்கியத்தைத் தொடருங்கள், யாருக்கும் நினைவிருக்காது. விழாக் காணொளியை வாட்ஸப்பில் ஸ்டேட்டஸாக வைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்த குடை, பார்க்கும் மற்றவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தம்பி நான்கு நிமிடத்தில் முடித்தார். நன்றி சொல்ல எழுந்த கண்காணிப்பாளர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "அது ஒரு குடை இல்லை தம்பி, நாலாவது குடை. மத்த மூணும் யார் வீட்டில் இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். அரங்கு அதிர்ந்தது, அக்காமார் வரிசையில் மூன்று பேர் மட்டும் தங்கள் பைகளில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.