விருந்தினருக்கு நான் திருத்தி எழுதிய மின்னஞ்சல்

மயிலாப்பூரில் இருக்கும் ஒரு பேராசிரியை என் பாட்காஸ்டுக்காகத் தன் குரலைத் தானே பதிவு செய்து அனுப்பினார். கேட்டால், அவர் குரலுக்குப் பின்னால் என் குரலும் இருந்தது. நாங்கள் இணைய அழைப்பில் பேசியபோது, லேப்டாப் ஸ்பீக்கரில் என்னைக் கேட்டிருக்கிறார். அது அவர் மைக்கில் ஏறிவிட்டது. அவர் பதிவையும் என் பக்கத்துப் பதிவையும் சேர்த்தபோது என் ஒவ்வொரு சொல்லும் இரட்டையாக ஒலித்தது. அவர் பேசும்போது நான் குறுக்கிட்ட இடங்களை வெட்டவே முடியவில்லை. தவறு என்னுடையது. "அமைதியான அறையில் பதிவு செய்யுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

இப்போது இப்படி எழுதுகிறேன்:

"அம்மா, லேப்டாப்பில் இயர்போன் மாட்டி என்னைக் கேளுங்கள். உங்கள் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' சொல்லும்போது மூச்சு மைக்கில் மோதும். மெத்தையும் துணிமணியும் உள்ள படுக்கையறை நல்லது, எதிரொலி குறையும். அரைமணி முன்பே ஏசி போட்டு அறையைக் குளிரவைத்து, பேசும்போது ஏசி, ஃபேன் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நான் சொல்லும்போது ஒருமுறை கைதட்டுங்கள்."

முதல் தட்டலை வைத்து இரண்டு பதிவையும் பொருத்துகிறேன். முடிவிலும் கைதட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒரு மணி நேரப் பேச்சில் பதிவுகள் மெல்ல விலகலாம். இரண்டாவது தட்டல் எவ்வளவு விலகியது என்று காட்டிவிடும்.

அரை நிமிடச் சோதனைப் பதிவையும் முன்கூட்டியே கேட்டு வாங்குகிறேன். அதில் என் குரல் கேட்டால், இயர்போன் சரியாகச் செருகவில்லை என்று அர்த்தம்.