புதிதாகக் கூத்து ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டு மறப்பது, அடி தப்புவது போன்றவற்றை வாத்தியார் ஒத்திகையிலேயே திருத்திவிடுவார். களத்தில் இறங்கிய பிறகுதான் தெரியவரும் தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திரைக்குப் பின்னால் அவசரப்படுவது

புதுப் பையன்கள் திரும்பத் திரும்பச் செய்வது இதைத்தான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

பகடை துகில் கூத்தில் துரியோதனன் வருகை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் துணியைப் பிடித்து நிற்பார்கள். வேஷக்காரர் பின்னால் நின்று தாளமில்லாமல் இழுத்து விருத்தம் பாடுவார். அடுத்துத் தாளத்தோடு தரு. துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி அசையும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். ராஜா எவ்வளவு பெரியவன் என்பதைக் கூட்டம் அப்போதே முடிவு செய்துவிடும். துணி விலகுவது அதற்கு அப்புறம்தான்.

போன பங்குனியில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு பையன் துரியோதனன் கட்டினான். நல்ல குரல். ஆனால் விருத்தத்தை ஒரே மூச்சில் ஓட்டினான். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவதற்குள் அடுத்த அடிக்குப் போய்விட்டான். தருவின் முதல் வரியிலேயே திரையை விலக்கச் சொல்லிக் கண் காட்டினான். முகவீணை ஒரு பக்கம், மத்தளம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

பின்பாட்டு வெறும் எதிரொலி இல்லை. அவர்கள் திருப்பிப் பாடும் நேரத்தில்தான் நமக்கு மூச்சு திரும்பும், ஆடுவதற்கும் இடம் கிடைக்கும். அந்த இடத்தை விட்டவனுக்குச் சபை காட்சியில் மூச்சு வாங்கும். திரௌபதியை இழுத்துவரத் துச்சாதனனை ஏவும் கட்டத்தில், அதாவது ஊரே விழித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மீதிப் பாட்டைப் பின்பாட்டுக்காரர்கள்தான் இழுத்துப் பாடி முடித்தார்கள்.

ஒத்திகையில் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு அடி முடிந்ததும் வாயை மூடி, பின்பாட்டின் கடைசி எழுத்து விழும்வரை காலை மட்டும் அசைத்துக்கொண்டிருங்கள். அது விழுந்த பிறகு அடுத்த அடியை எடுங்கள்.

வர்ணத்தில் எண்ணெய் கூடுவது

துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை என்று தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காட்டுவது முகம்தான். தேங்காய் எண்ணெய் அதிகமானால் பூசும்போது வழுவழுவென்று நன்றாகத்தான் இருக்கும். வியர்த்ததும் மீசைக் கறுப்பு கன்னத்துக்கு இறங்கிவிடும். கன்னத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் வர்ணம் வழிந்தால் எண்ணெய் கூடிவிட்டது என்று அர்த்தம். மேலே பவுடர் ஒற்றி எடுங்கள்.

கிரீடம்

தலைத்துணியை இறுக்கிச் சுற்றாமல் கட்டாதீர்கள். சுழன்று ஆடும்போது சரியும்.

கட்டியங்காரனை முந்துவது

நீங்கள் யார் என்று அவர் கேட்கட்டும். கேட்ட பிறகு சொல்லுங்கள்.